காலையில் பார்த்த ஹேஷ்டேக் மாலையிலும் அதே பொருளில் இருக்குமா?

கேள்வி: நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கும் சிறிய இணையக் கடை ஒன்றின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலை 6 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். ட்ரெண்டிங்கில் இருக்கும் ஹேஷ்டேக்குகளில் எங்களுக்குப் பொருந்துவதுபோல் தெரியும் ஒன்றை எடுத்து, அன்றைக்கு ஷெட்யூல் செய்திருக்கும் ஐந்து பதிவுகளிலும் சேர்த்துவிடும். போன வாரம் #கடைசிப்பக்கம் வந்தது. நான் காலையில் திறந்தும் பார்த்தேன். படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலை 4 மணிக்கு, "கடைசிப் பக்கம் வரை மை ஊறாத தாள்" என்ற எங்கள் விளம்பரம் எக்ஸ் தளத்தில் அந்த டேகோடு போனது. ஒரு பெண் கீழே எழுதினார்: "இது எங்கள் அம்மா கடைசியாக எழுதிய டைரிப் பக்கத்தைப் பகிரும் இடம். இங்கே வந்தா விற்கிறீர்கள்?" உடனே நீக்கிவிட்டேன். பார்த்தும் எப்படித் தப்பியது? ஆட்டோமேஷனையே நிறுத்திவிட வேண்டுமா? அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் அந்த ஹேஷ்டேக்கை அந்த நாளுக்கு மட்டும் தேடி, கீழிருந்து மேலாக, நேர வரிசையில் படித்தேன். காலையில் நீங்கள் பார்த்தது சரிதான். ஏறக்குறைய எல்லாமே நாவல்களின் கடைசிப் பக்கங்கள், கூடவே ஒரு வரி விமர்சனம். 9 மணி தாண்டியதும் ஒருவர் தன் தாயார் கடைசியாக எழுதிய டைரிப் பக்கத்தைப் போட்டிருக்கிறார். பாதியில் நின்ற ஒரு மளிகைப் பட்டியல் அது. அதற்குக் கீழே மற்றவர்களும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் கையெழுத்தைப் போட ஆரம்பித்தார்கள். நண்பகலுக்குள் புத்தகங்கள் அருகிப்போய், டேக் முழுக்க டைரிகளாகவும் கடிதங்களாகவும் மாறிவிட்டது. உங்கள் விளம்பரம் போனது அதற்கும் நான்கு மணி நேரம் கழித்து.

ஆக, நீங்கள் பார்க்காமல் விடவில்லை. பார்த்ததற்கும் பதிவு வெளியே போனதற்கும் நடுவே பத்து மணி நேரம் இருந்தது, அதற்குள் சொல்லின் பொருள் மாறிவிட்டது. ட்ரெண்டிங் டேக் அகராதிச் சொல்லைப்போல ஒரே பொருளில் நிற்காது. அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்களோ அதுதான் அதன் பொருள். இன்றைக்கு உங்கள் ஸ்கிரிப்ட் எடுக்கும் டேகுக்கும் இதேதான் நடக்கலாம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டுக்கு ஒரு ட்ரெண்டைப் பற்றி என்ன தெரியும்? எக்ஸ் தளத்தின் ட்ரெண்ட்ஸ் ஏபிஐ அடிப்படையில் தருவது `trend_name`, `tweet_count` என்ற இரண்டு தகவல்களைத்தான்: ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை. அந்தப் பெயர் ஏன் மேலே வந்தது என்பது அதில் கிடையாது. ஒரு சோகமோ கோபமோ ஒரு டேகுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நிறையப் பேர் எழுதுவார்கள், எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறினால் பட்டியலில் மேலே வரும். மேலே வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அதை இன்னும் விரும்பி எடுக்கும். எது நடந்தால் நீங்கள் விலகியிருக்க வேண்டுமோ, அதுவே உங்கள் ஸ்கிரிப்டை அதை நோக்கி இழுக்கிறது. எண்ணிக்கை மட்டும் கையில் இருக்கும்போது கொண்டாட்டத்துக்கும் துக்கத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

மனிதர் கையாலேயே போட்டாலும் படிக்காமல் போட்டால் இதே கதிதான். 2014 செப்டம்பரில் ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், தான் மணக்கவிருந்த பெண்ணை லிஃப்டுக்குள் அடித்த காணொளி வெளியானது. அந்தப் பெண் ஏன் அவரை விட்டுப் போகவில்லை என்று பலரும் கேட்டார்கள். பெவர்லி கூடன் என்ற எழுத்தாளர், தானும் அப்படி ஒரு திருமணத்தில் ஏன் இருந்தேன் என்று #WhyIStayed என்ற டேகில் எழுதினார். அடி வாங்கிய ஆயிரக்கணக்கான பெண்கள் அதைத் தொடர்ந்து எழுதினார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனத்தின் கணக்கு அதே டேகைப் போட்டு "You had pizza" என்று எழுதியது. சில நிமிடங்களில் நீக்கிவிட்டு, அந்த டேக் எதைப் பற்றியது என்று படிக்காமல் போட்டுவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். கோபப்பட்டவர்களுக்குத் தனித்தனியாகவும் மன்னிப்பு எழுதினார்கள்.

அன்றைக்கு அந்தக் கணக்கை வைத்திருந்தவர் கீழே இருப்பதை எக்ஸ் தேடல் பெட்டியில் (அப்போது அது ட்விட்டர்) போட்டிருந்தால் போதும்:

```
#WhyIStayed since:2014-09-08 until:2014-09-10 -filter:retweets
```

`since` அந்த நாளிலிருந்து தொடங்கும். `until` தேதி மட்டும் தேடலில் சேராது, அதற்கு முந்தைய நாளோடு நின்றுவிடும். அதனால் ஒரு நாள் தள்ளிப் போட வேண்டும். கடைசிச் சொல், பிறர் பதிவை அப்படியே மறுபகிர்வு செய்தவற்றை நீக்கி, மக்கள் சொந்தமாக எழுதியதை மட்டும் காட்டும். முதல் மூன்று நான்கு பதிவுகளைப் படித்த எவரும் பீட்சாவைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உங்களுக்கு நடந்ததற்கு இன்னும் நெருக்கமானது 2012 ஜூலை 20-இல் நடந்தது. செலெப் பூட்டீக் என்ற உடை விற்பனைக் கணக்கு, #Aurora ட்ரெண்டாவது தன் கடையில் உள்ள "அரோரா" என்ற உடையால்தான் என்று எழுதியது. கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் ஒரு திரையரங்குக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்திருந்தார்கள். டேக் அதற்காக ஓடியது. டேக் ஏன் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போடவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். நம் பொருளின் பெயரோடு ஒரு சொல் ஒத்துப்போனால், அது நமக்காகவே வந்திருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் "பொருந்துவதுபோல் தெரியும்" என்று ஒரு வடிகட்டி இருக்கிறதே, அது செய்வதும் இதைத்தான். "பக்கம்" என்ற சொல்லைப் பார்த்ததும் நோட்டுப் புத்தகத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்துவிட்டது. சொல் பொருந்துகிறதா என்ற கேள்வி சூழல் பொருந்துகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

சரி, எப்படிப் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு டேகுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவேன், அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

டேகைத் தேடியதும் எக்ஸ் முதலில் காட்டுவது `Top` என்ற தாவலை. அதில் வருபவை அதிகம் விரும்பப்பட்டவை. அவை பல மணி நேரம் பழையவையாக இருக்கலாம். உங்கள் டேகிலும் பிற்பகலில்கூட காலையில் போட்ட அழகான புத்தகப் படங்கள் அங்கே மேலே நின்றிருக்கலாம். அதனால் `Latest` தாவலுக்குப் போய்விடுங்கள். அங்கே முப்பது பதிவுகளைப் படியுங்கள். கண்ணை ஓட்டாமல் படிக்க வேண்டும். ஐந்து பதிவுகள் பார்த்தால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதியதாக இருக்கலாம், முப்பதுக்குள் கூட்டத்தின் மனநிலை தெரிந்துவிடும்.

படிக்கும்போது நான் முதலில் கவனிப்பது, மக்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதைவிட, யாருக்கு நடந்ததை எழுதுகிறார்கள் என்பதை. "நான்", "என் அப்பா", "எங்களுக்கு" என்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும் பதிவுகள் வரிசையாக வந்தால் அங்கே விற்பனைக்கு இடம் இல்லை. அவர்கள் சொல்வது மகிழ்ச்சியான விஷயமாக இருந்தாலும்கூட நான் யோசிப்பேன். அப்புறம் படங்களைப் பார்ப்பேன். மெழுகுவர்த்தி, கறுப்புப் பின்னணி, பழைய புகைப்படம், கையெழுத்து, கூட்டம், புகை. எழுத்தில் புரியாதது படத்தில் சட்டென்று புரியும், தெரியாத மொழியில் டேக் ஓடினாலும் இது உதவும். மூன்றாவதாக, வேறு ஏதாவது நிறுவனம் ஏற்கெனவே அந்த டேகில் நுழைந்திருக்கிறதா, அதற்கு வந்த பதில்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பேன். நமக்கு முன்னால் ஒருவர் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டாம்.

அடுத்து, டேக் தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும். தேதியைக் குறுக்கி, கிடைக்கும் மிகப் பழைய பதிவுகள் சிலவற்றையும், நடுவில் சிலவற்றையும், கடைசி அரை மணி நேரத்தில் வந்தவற்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே விஷயத்தைப் பேசினால் டேக் நிலையாக இருக்கிறது. தொடக்கம் ஒன்று, இப்போது வேறொன்று என்றால், அது நகர்ந்துகொண்டிருக்கும் டேக். நீங்கள் பார்க்கும் இந்த நொடியில் நல்லதாக இருந்தாலும் எடுக்காதீர்கள். காலை 6 மணிக்கு உங்கள் டேக் இந்தச் சோதனையில் தேறியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது நகரத் தொடங்கவே இல்லை. அதனால்தான் இரண்டாவது பார்வை வேண்டும் என்கிறேன், அதற்கு வருகிறேன்.

டேகில் சொற்கள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்று ஒரு டேக் ஓடியது. "Now Thatcher's dead" என்பதைப் பலர் "Now that Cher's dead" என்று பிரித்துப் படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று எண்ணி இரங்கல் எழுதினார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தேடலுக்குக் கிடையாது, ஆனால் படிக்கிற கண்ணுக்கு உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் டேகுகளை ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குகிறதா என்று பாருங்கள்; பல ஸ்கிரிப்டுகள் செய்யும். ஒப்பிடுவதற்கு அது சரி. பதிவில் சேர்க்கும்போது மூல வடிவத்தை அப்படியே சேர்க்க வேண்டும். தமிழ் டேகுகளில் பெரிய எழுத்தே இல்லாததால், சேர்ந்த சொல்லை வாய்விட்டு இரண்டு விதமாகப் பிரித்துச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். "இந்த டேக் இப்போது ஓடுவதற்குக் காரணம் இது" என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். டேகில் உள்ள சொல்லைத் திருப்பி எழுதக் கூடாது, மக்கள் செய்வதை எழுத வேண்டும். "கடைசிப் பக்கத்தைப் பற்றியது" என்பது காரணம் ஆகாது. "படித்து முடித்த நாவலின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள்" என்பது காரணம். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு அந்த டேக் புரியவில்லை என்று பொருள், விட்டுவிடுங்கள். எழுத வந்தால், உங்கள் விளம்பரத்தை அந்த முப்பது பதிவுகளுக்கு நடுவில் முப்பத்தோராவதாக வைத்துப் படியுங்கள். மேலே ஒருவர் எழுதியது, கீழே ஒருவர் எழுதியது, நடுவில் உங்கள் தாள். அது உறுத்துகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆட்டோமேஷனை நிறுத்த வேண்டாம். அது செய்யும் வேலையை மாற்றுங்கள். டேகைத் தேடி எடுத்து உங்கள் முன் வைக்கட்டும், பதிவில் ஒட்டும் அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டாம். அதோடு, பதிவு வெளியே போகும் நொடியில் ஒரு கதவு இருக்கட்டும். ஒவ்வொரு பதிவிலும் `tag_check` என்று ஒரு குறிப்பை வையுங்கள்: எந்த டேகைப் பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், காரண வாக்கியம் என்ன. கதவு இப்படி இருக்கலாம்:

```python
from datetime import timedelta

def keep_tag(post, now):
    c = post.get("tag_check")
    if not c or c["tag"] != post["tag"]:
        return False
    if not c["reason"].strip():
        return False
    return now - c["checked_at"] <= timedelta(hours=2)
```

பதிவு போகும் நேரத்தில் இது ஓடும். யாரும் பார்க்கவில்லை, பார்த்தது வேறு டேக், காரணம் எழுதவில்லை, பார்த்து இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது என்று எது நேர்ந்தாலும் `False` வரும். அப்போது பதிவு டேக் இல்லாமல் போய்விடும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல அமைப்புகளில் மனிதர் மறந்தால் டேக் ஒட்டிக்கொண்டு போகும். உங்களுடையதில் மனிதர் மறந்தால் டேக் உதிர வேண்டும். டேக் இல்லாத விளம்பரத்தால் நீங்கள் இழப்பது கொஞ்சம் பார்வைகளை மட்டும்தான்.

இரண்டு மணி என்பது நான் என் வேலையில் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் டேக் சுமார் மூன்று மணி நேரத்துக்குள் முழுதாக மாறியது, எனவே இரண்டுக்கு மேல் போகாதீர்கள் என்பேன். செய்திகள் வேகமாக வரும் நாளில் அரை மணியாகக் குறைத்துவிடுவேன். இதனால் ஒரு நடைமுறைத் தொல்லை வரும்: ஐந்து பதிவுகளுக்கும் டேக் வேண்டுமென்றால் நாளில் பல முறை பார்க்க வேண்டியிருக்கும். அது முடியாதென்றால் டேகை ஒரே பதிவில் வையுங்கள், நீங்கள் மேசையில் இருக்கும் நேரத்தில் அது போகட்டும். ஆளில்லாத நள்ளிரவுப் பதிவுக்கு ட்ரெண்டிங் டேகே வேண்டாம். யாராவது கேட்டால் பதில் சொல்லவும் அங்கே ஆள் இருக்காது.

தடைச் சொற்பட்டியல் போட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். "மரணம்", "விபத்து", "இரங்கல்" போன்ற சொற்கள் டேகின் பதிவுகளில் அதிகம் வந்தால் டேகை ஒதுக்கிவிடும் பட்டியல். வைத்துக்கொள்ளுங்கள், சில நேரம் காப்பாற்றும். ஆனால் அதை நம்பி மனிதப் பார்வையை எடுத்துவிடாதீர்கள். உங்கள் டேகில் துக்கத்தோடு எழுதிய பதிவுகளை மறுபடி படித்தேன். "அம்மாவின் கையெழுத்து", "அரிசி, பருப்பு என்று எழுதியிருக்கிறார்", "இதற்குப் பிறகு பக்கங்கள் காலி". ஒன்றில்கூட பட்டியலில் சிக்கும் சொல் இல்லை. உண்மையான துக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் துக்கம் என்ற சொல்லை எழுதுவதில்லை. கேலியும் அப்படித்தான், ஒரு நிறுவனத்தைப் புகழ்வதுபோலவே திட்டுவார்கள், சொற்களை எண்ணும் நிரல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும்.

டேகைப் பார்ப்பது எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரோரா துப்பாக்கிச் சூடு நடந்த அதே காலையில், அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்தும் துப்பாக்கிப் பத்திரிகையின் கணக்கு, "Good morning, shooters" என்று தொடங்கி, வார இறுதிக்கு என்ன திட்டம் என்று கேட்டு ஒரு பதிவு போட்டது. நடந்தது தெரியாத ஒருவர் போட்டது என்று பிறகு விளக்கம் வந்தது. அதில் தவறான டேக் எதுவும் காரணமில்லை. பதிவே அந்தக் காலைக்கு ஒவ்வாதது. உங்கள் கதவு இதைப் பிடிக்காது. பெரிய அசம்பாவிதம் நடந்த நாளில் முழு வரிசையையும் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் தனியாக இருக்க வேண்டும், அதை அழுத்த யாரையும் கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

அந்தப் பொத்தானின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஓர் ஊரின் பெயரைத் திருவிழா டேக் என்று நினைத்து ஒரு பை விளம்பரத்தில் சேர்த்திருந்தோம். பிற்பகலில் அந்த ஊரில் ஒரு விபத்து. பதிவு போன பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து அதே பதிவு, அதே டேகோடு, வேறு தளத்தில் போனது. எங்கள் கருவி தளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வெளியிடும்படி அமைக்கப்பட்டிருந்தது, நான் ஒன்றை மட்டும் நீக்கியிருந்தேன். இரண்டாவது முறை அதைப் பார்த்தவர்களுக்கு அது கவனக்குறைவாகத் தோன்றவில்லை, வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து வரிசையை முதலில் நிறுத்துவேன், பிறகு பதிவை நீக்குவேன், பிறகு அந்த டேகைக் காத்திருக்கும் எல்லாப் பதிவுகளிலும் தேடுவேன். போன வாரம் நீங்கள் நீக்கியது 4 மணிப் பதிவை. ஐந்தில் மீதி நான்கு என்ன ஆயின என்று கடிதத்தில் இல்லை. இன்றே பாருங்கள், வேறு தளங்களிலும் பாருங்கள்.

உங்கள் கடைக்கு ட்ரெண்டிங் டேக் எவ்வளவு தேவை என்பதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நோட்டு, பேனா, கையெழுத்து, நாட்குறிப்பு எழுதுபவர்கள் ஆண்டு முழுவதும் பேசிக்கொள்ளும் நிலையான டேகுகள் இருக்கின்றன. அவற்றில் பத்தைத் தேர்ந்து மாதம் ஒருமுறை முழுதாகப் பார்த்தால், ஸ்கிரிப்ட் அவற்றைத் தானாகவே சேர்க்கலாம். அப்போதும் அந்த டேக் திடீரென்று ட்ரெண்டிங்கில் வந்துவிட்டால் மட்டும், மேலே சொன்ன கதவுக்குள் அதையும் கொண்டுவாருங்கள். அமைதியான டேக் ஒன்று பல மடங்கு பெருகினால் ஏதோ நடந்திருக்கிறது. இங்கேதான் `tweet_count` உண்மையில் உதவும். டேகை எடுப்பதற்கு அல்ல, நிறுத்திப் பார்ப்பதற்கு. என் அனுபவத்தில் ட்ரெண்டிங்கில் வரும் டேகுகளில் ஒரு கடைக்கு நேர்மையாகப் பொருந்துவது மாதத்துக்கு ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டுக்கு ஐந்து நிமிடம் செலவழிப்பது பெரிய சுமை இல்லை.

இனி அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டியது. பதிவை நீக்கியதால் அவர் எழுதியது இப்போது எதற்கு எழுதினார் என்று தெரியாமல் தனியாக நிற்கும். அதனால் அவருடைய பதிலுக்குக் கீழேயே, பொதுவில், சுருக்கமாக எழுதுங்கள். தனிச்செய்தியில் மட்டும் எழுதினால் மூடி மறைப்பதுபோல் இருக்கும், பார்த்த மற்றவர்களுக்கும் தெரியாது. ஆட்டோமேஷன் செய்துவிட்டது என்று தொடங்காதீர்கள். அந்த ஸ்கிரிப்டை ஓட்டியது நீங்கள்தான். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்ற சொற்றொடரும் வேண்டாம், புண்பட்டது என்று அவரே சொல்லிவிட்டார். கடையின் பெயரை மறுபடி எழுத வேண்டாம், இணைப்பு, தள்ளுபடி எதுவும் வேண்டாம், அந்த டேகையும் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் உங்கள் மன்னிப்பும் அவர்கள் பேசும் இடத்துக்குள் போய் நிற்கும். நானாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"நீங்கள் எல்லோரும் எதைப் பகிர்கிறீர்கள் என்று படிக்காமல் எங்கள் விளம்பரத்தை இங்கே போட்டுவிட்டோம். தவறு எங்களுடையது. நீக்கிவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதற்கு மேல் தொடராதீர்கள். இதை அனுப்புவதற்கு முன் அவர் பகிர்ந்த அந்தப் பக்கத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.